முப்பத்தாறு மூட்டை உளுந்து

சரக்கு எண்ணுற நாளில் மனுஷங்க முகம் மாறிப் போகும். கல்யாண வீட்டில் நகையைக் காணோம் என்று சொன்னதும் எல்லாரும் எல்லாருடைய கையையும் பார்ப்பார்களே, அந்த மாதிரி. காலையில் ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டவர்கள் மத்தியானத்துக்குள் ஒருவரை ஒருவர் 'நீங்க எண்ணுனீங்களா, நான் எண்ணுனேனா' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் பல வருஷமாக இதைப் பார்க்கிறேன். ஆனால் அந்த வருஷம் தீபாவளி முடிந்து நடந்த கணக்கெடுப்பு மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எங்கள் கடை சிங்கப்பூரில், தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. மளிகை, மசாலா, பூஜைச் சாமான். கடைக்கு மேலே ஆபீஸ். சரக்கு முழுக்க காக்கி புக்கிட்டில், லாரி நேராக மாடிக்கு ஏறிப் போகிற ஒரு கட்டடத்தில், நாலாவது மாடிக் கிடங்கில். நான் ஆபீஸில் ஸ்டாக் பார்க்கிறவள். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. நீல நிற ரயிலில் ஏறினால் தேக்காவுக்கும் போகலாம், அப்படியே உட்கார்ந்திருந்தால் காக்கி புக்கிட்டுக்கும் போகலாம். கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் மலேசியாப் பக்கம் ஜொகூரிலிருந்து வருகிற அண்ணன். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருவார். நடுத்தர வயது, அகலமான தோள், மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்த நடை. கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் பேசினால் கேட்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு அளவும் தரையில் ஒரு அளவும் இருந்தால், "கம்ப்யூட்டருக்குப் பசிக்காது தங்கச்சி, அது பருப்பத் தின்னாது. நம்மதான் எங்கயோ போட மறந்துருக்கோம்" என்பார். தேடினால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய வேலை பெர்மிட் அந்த வருஷக் கடைசியில் முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டியது முதலாளி. அண்ணன் போய்க் கேட்டதற்கு, "ஸ்டாக் எண்ணி முடியட்டும். கணக்கு சுத்தமா இருந்தா போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஜொகூரில் அப்போதுதான் அண்ணன் ஒரு வீடு வாங்கியிருந்தார். சிங்கப்பூர்ச் சம்பளத்தை நம்பி பேங்க் கொடுத்த கடன். பெர்மிட் போனால் வீடு போகும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

மேனேஜர் முதலாளியின் அக்கா மகன். நன்றாக உடுத்துவான், நன்றாகச் சிரிப்பான். பேசும்போது ஒருத்தரைக் குத்தி மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற ஆள். அவனுடைய மச்சான் ஒருத்தன் வேலையில்லாமல் இருந்தான். கிடங்கு வேலை அவனுக்கு என்று மேனேஜர் எப்போதோ முடிவு செய்துவிட்டான் என்பது கல்லாவில் உட்காரும் அக்காவின் கட்சி. கடையில் யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

இப்போது உளுந்து விஷயம். எங்களிடம் உளுந்து இரண்டு விதமாக இருக்கும்: இருபத்தைந்து கிலோ மூட்டை, ஒரு கிலோ பாக்கெட். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் தனித்தனி கோட் நம்பர். மூட்டையைப் பிரித்துப் பாக்கெட்டாகக் கட்டினால், மூட்டையில் ஒன்றைக் குறைத்து பாக்கெட்டில் இருபத்தைந்தைக் கூட்டுகிற மாதிரி ஒரு என்ட்ரி போட வேண்டும். கிடங்கில் அண்ணன் போடுவார், மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். ஓகே சொன்னால்தான் அளவு மாறும்.

தீபாவளிக்கு முன்னால் முறுக்குக்கும் வடைக்கும் உளுந்து பறக்கும். அந்த வருஷம் மேனேஜர், ஆயிரம் பாக்கெட் போலக் கட்டச் சொன்னான். பகுதி நேர ஆட்களை வைத்துக் கட்டினார்கள். அண்ணன் ஒவ்வொரு முறையும் ஓகே கேட்டு போன் அடிக்க, கடையில் கூட்டத்தில் நின்ற மேனேஜர் எரிந்து விழுந்திருக்கிறான். "சும்மா தொல்லை பண்ணாதீங்க லா. முதல்ல கட்டுங்க. தீபாவளி முடிஞ்சு எல்லாத்தையும் ஒரே என்ட்ரியா போட்டுக்கலாம்" என்றானாம். எங்கள் தொழிலில் இதைவிட ஆபத்தான வார்த்தை கிடையாது. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று சொன்ன எதையும் யாரும் போட்டதில்லை.

தீபாவளி வந்தது, போனது. அவன் நினைத்த அளவு விற்கவில்லை. கட்டிய பாக்கெட்டில் பெரும்பகுதி அட்டைப் பெட்டியோடு கிடங்கிலேயே நின்றது. அண்ணன் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். "பாக்கலாம்" என்றான். நேரில் சொன்னது, போனில் சொன்னது. எழுத்தில் எதுவும் இல்லை.

எண்ணுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சாயங்காலத்தோடு கிடங்கிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது, உள்ளேயும் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டோம். போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போது எண்ணினால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. எண்ணுகிற தாளில் பொருளின் பெயரும் இடமும் மட்டும் இருக்கும், கம்ப்யூட்டரில் எவ்வளவு என்பது இருக்காது. தெரிந்தால் கண் அந்த நம்பரைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. சரக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர் தன் சரக்கைத் தானே எண்ணக்கூடாது என்பதால் அண்ணன் வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் கல்லா அக்காவும் எண்ணினோம். அக்கா எண்ணிச் சொல்ல, நான் எழுத, எண்ணி முடித்த அடுக்கில் ஒரு பச்சை ஸ்டிக்கர்.

உளுந்து மூட்டை, அடுக்கும் மரப் பலகைக்கு நாற்பதாக இரண்டு பலகை, தனியாகப் பத்து. தொண்ணூறு. பாக்கெட், பெட்டிக்கு இருபதாக ஐம்பத்து நாலு பெட்டி, உதிரியாகப் பன்னிரண்டு. ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.

"இவ்ளோ உளுந்துக்கு வடை சுட்டா சிங்கப்பூருக்கே வாயு புடிச்சுக்கும்" என்றார் அக்கா. வாசலில் இருந்த அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான்.

மத்தியானம் தாள்களை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றியதும் அது தன் கணக்கையும் நம் எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தையும், அதை அடக்க விலையால் பெருக்கி வெள்ளியிலும், அதாவது டாலரிலும், காட்டும். உளுந்து மூட்டை: கம்ப்யூட்டரில் நூற்றிருபத்தாறு, கையில் தொண்ணூறு. முப்பத்தாறு குறை. மூட்டை ஐம்பது வெள்ளி வீதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. நாலு வரி கீழே உளுந்து பாக்கெட்: கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பத்து, கையில் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. எண்ணூற்று எண்பத்திரண்டு அதிகம். கிலோ இரண்டு வெள்ளி வீதம் ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நாலு வெள்ளி.

பார்த்த உடனே புரிந்தது. முப்பத்தாறு மூட்டை என்றால் தொள்ளாயிரம் கிலோ. எண்ணூற்று எண்பத்திரண்டு பாக்கெட்டாக அங்கேயே நிற்கிறது. மீதிப் பதினெட்டுக் கிலோ சலித்ததிலும் சிந்தியதிலும் போனது. இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்தால் கடைக்கு நட்டம் முப்பத்தாறு வெள்ளி. மற்ற பொருளில் எல்லாம் ஒன்று கூட, ஒன்று குறைய, பேச ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய கிடங்குக்கு இது சுத்தமான கணக்கு. அண்ணனிடம் போய், "கவலைப்படாதீங்கண்ணே, இங்கதான் இருக்கு" என்றேன். அவர் எழுந்து நின்று, நாற்காலியை மடக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

வித்தியாசம் வந்த வரியை எல்லாம் வேறு ஆள் திரும்ப எண்ண வேண்டும், குறையானாலும் அதிகமானாலும். அன்றைக்கு மேனேஜர் எண்ணினான். மூட்டையை மட்டும் எண்ணினான். தொண்ணூறுதான் என்று கையெழுத்துப் போட்டான். பாக்கெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதிகமா இருக்கிறத எவனாச்சும் திருடுவானா?" என்றான்.

மறுநாள் முதலாளி அறையில் கூட்டம். நாங்கள் போகுமுன்பே மேனேஜர் போய் உட்கார்ந்திருந்தான். முதலாளி மேஜையில் ஒரு தாள். எட்டிப் பார்த்தேன். என் கணக்குத்தான், ஆனால் பாதி. அந்த ரிப்போர்ட்டில் குறை மட்டும், அதிகம் மட்டும், எல்லாம் என்று மூன்று விதமாகக் கேட்கலாம். அவன் குறையை மட்டும் கேட்டு அச்செடுத்திருந்தான். அதில் முதல் வரி உளுந்து மூட்டை, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. அதிகம் என்று ஒரு வரி கிடையாது.

அண்ணனை உட்காரச் சொல்லவில்லை. முதலாளி வெற்றிலை போட்ட வாயைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தாறு மூட்டை எங்கே போனது என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லுமுன் மேனேஜர் ஆரம்பித்துவிட்டான்.

"இருங்க மாமா, நான் கேக்குறேன். அண்ணே, உங்க பைக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்குல்ல, அதுல எத்தன மூட்டை ஏறும்?"

அண்ணன் அதை நிஜக் கேள்வி என்று எடுத்துக்கொண்டார். "ஒரு மூட்டையே ஏறாது தம்பி" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாரி டிரைவர் சிரித்தார். முதலாளி சிரித்தார். டீ கொண்டுவந்த பெண்ணும் சிரித்தாள்.

"அப்போ முப்பத்தாறு ட்ரிப்பா? பாலத்துல கஸ்டம்ஸ் நாய் மோப்பம் புடிச்சிருக்குமே. இல்ல, நாய்க்கும் ரெண்டு வடை குடுத்துட்டீங்களா?"

திரும்பவும் சிரிப்பு. இந்த முறை அண்ணனுக்குப் புரிந்தது. காதுமடல் கறுத்தது. அவர் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மெதுவாகப் பேசுகிறவர், 'கட்டுனது' என்று ஆரம்பிப்பதற்குள் மேனேஜர், ஜொகூரில் புது வீடாமே, எத்தனை ரூம், உளுந்து வைக்கத் தனி ரூம் உண்டா என்று கேட்டான். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

நான் முழு ரிப்போர்ட்டையும் கையில் வைத்திருந்தேன். முதலாளி மேஜையில் வைத்து, இரண்டு வரியையும் விரலால் காட்டி, மூட்டை பாக்கெட்டானது, என்ட்ரி போடவில்லை, நிகர நட்டம் முப்பத்தாறு வெள்ளி என்று சொன்னேன். தீபாவளிக்கு முன்னால் கட்டச் சொன்னது யார் என்றும் சொன்னேன்.

முதலாளி முட்டாள் இல்லை. கல்லாவில் நின்று வளர்ந்தவர். ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எனக்கு நிம்மதி வந்த மாதிரி இருந்தது.

மேனேஜர் அசையவில்லை. என்ட்ரி போடாதீங்கன்னு நான் சொன்னேனா, யார் கேட்டது, ஒரு மெசேஜ் காட்டச் சொல்லுங்க என்றான். காட்ட ஒன்றுமில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் அந்தப் பேச்சைக் காதால் கேட்டதில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

முதலாளி அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி அமைதியாகச் சொன்னார்:

"எண்ணூறு பாக்கெட்ட கணக்குல வராம உள்ள வச்சிருக்கத் தெரிஞ்சிருக்கு. அப்போ எண்ணூறு பாக்கெட்ட கணக்குல வராம வெளிய அனுப்பவும் தெரியும். இந்த தடவ அனுப்பல. அவ்ளோதானே?"

காணாமல் போனதற்குத் திருடன் என்றார்கள். காணாமல் போகவில்லை என்று காட்டினால், திருட வசதி வைத்திருந்தவன் என்கிறார்கள். அண்ணன், "பாஸ், நான் எடுக்கலையே" என்று மட்டும் சொன்னார். முதலாளி, "எடுத்தேன்னு நான் சொல்லலையே" என்றார்.

சம்பளத்தில் கை வைக்க மாட்டேன், சட்டம் எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னார். பெர்மிட் முடிகிற தேதி வரைக்கும் வேலை செய்யட்டும். புதுசாகப் போடவில்லை.

மற்றவர்கள் போன பிறகு என்னை நிறுத்தி, நன்றாகக் கணக்குப் பார்த்தாய் என்று பாராட்டினார். மூட்டையில் முப்பத்தாறைக் குறைத்து பாக்கெட்டில் எண்ணூற்று எண்பத்திரண்டைக் கூட்டச் சொன்னார். மிச்சம் முப்பத்தாறு வெள்ளி நட்டக் கணக்கில் போனது. காரணம் என்ற இடத்தில் 'பிரித்துக் கட்டியது, பதிவு விடுபட்டது' என்று அடித்தேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு ஓகே கொடுத்தார். ஆடிட்டருக்கு அந்த உண்மை. அண்ணனுக்கு வேறு உண்மை. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

அந்த வாரமே கல்லா அக்கா, தனக்குத் தெரிந்தவர்கள் காத்தோங்கில் புதிதாக மளிகைக் கிடங்கு வைக்கிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்துச் சொன்னார். அண்ணன் போய்ப் பார்த்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. எந்த ரேக்கில் எதை வைத்தால் பூச்சி வராது என்று கேட்டு எழுதிக்கூட வைத்துக்கொண்டார்களாம். பெர்மிட் முடியுமுன் நாங்களே போட்டுவிடுகிறோம், உங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை மட்டும் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அவர்கள் கூப்பிட்டபோது நான் முதலாளி அறையில் பில் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன். அண்ணன் கீழே, கடைக்குப் பக்கத்துப் பூக்கடை நிழலில் காத்திருந்தார். இன்றைக்குப் பேசுவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முதலாளி போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மரியாதையாக விசாரித்தது.

"நல்ல உழைப்பாளிம்மா" என்றார் முதலாளி. "லீவு போட மாட்டாரு. தூக்குவாரு, அடுக்குவாரு, சொன்னத செய்வாரு. போன ஸ்டாக் டேக்குலதான், உளுந்துல மட்டும் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி குறைஞ்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பெண் "ஓ" என்றார்.

"பாஸ், பாக்கெட்டுல அதிகம் இருந்துச்சே, அதையும் சொல்லுங்க" என்றேன். போனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகவே சொன்னேன்.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், வாய் நிறைய. பிறகு போன் பக்கம் குனிந்தார்.

"இதோ, எங்க ஸ்டாக் பாக்குற பொண்ணு சொல்லுது, இன்னொண்ணுல ஆயிரத்து எழுநூறு சொச்சம் அதிகமாம். குறையும் இருந்துச்சு, கூடுதலும் இருந்துச்சு. எதுவும் சரியா இல்லன்னு வச்சுக்குங்களேன்மா."

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். முதலாளி என் பில்லில் கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார். நல்ல ஆளை அடுத்த கடைக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன கோயிலா வைத்திருக்கிறேன் என்று கேட்டார். என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை.

கீழே இறங்கி வந்தேன். கல்லா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு சில்லறை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பூக்கடை ஓரத்தில் ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டிருந்தார், தலை வாரியிருந்தார். காத்தோங்கிலிருந்து உடனே வரச் சொன்னால் நேராகப் போகலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்.

"பேசிட்டாங்களா தங்கச்சி?"

"பேசிட்டாங்கண்ணே."

"பாஸ் நல்லவிதமா சொன்னாரா?"

நல்ல உழைப்பாளி என்று சொன்னார் என்றேன். ஆனால் அண்ணன் பாதிக் கணக்கைப் படித்துப் பழகிவிட்டிருந்தார் அதற்குள். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உளுந்தையும் சொன்னாரா?"

தலையாட்டினேன்.

"பாக்கெட்ட?"

"அதையும்தாண்ணே."

அது எப்படிச் சொல்லப்பட்டது என்று அவர் கேட்கவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பூக்காரம்மா, நிழலை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றார்.

"அப்போ வீட்டுல இன்னைக்கே சொல்லிடறது நல்லது" என்றார். "பேங்க்காரன் சொல்லி தெரிஞ்சுக்கிறதவிட."

அதற்குப் பிறகு, கிடங்குக்கு மூணு மணிக்கு சீரகம் வருகிறது, இறக்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, காக்கி புக்கிட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.